இரண்டு முறை வரும் அறிவிப்பு

கைபேசி கூவியபோது வைஜயந்தியின் இரண்டு கையிலும் சோள மாவு. பாக்ரி தட்டிக்கொண்டிருந்தாள். அனுப்பியவர் யாரென்று பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்த அவள் கணவர்தான்.

விரல்முட்டியால் திரையைத் தொட்டு, குனிந்து படித்தாள். படித்ததும் அடுப்பைக் குறைத்தாள்.

"ஏங்க, நாளைக்குப் பல் டாக்டர் எத்தனை பிள்ளைங்களைப் பார்க்க வர்றாரு?"

"எல்லாரையும்தான்."

"நீங்க ஒரு பிள்ளையோட பல்லைத்தான் பார்க்கப்போறாருன்னு போட்டிருக்கீங்க. மேல புள்ளி எங்க? தலைப்பைப் பாருங்க, சூசனாவுக்கு நெடில் போடத் தெரியாதா? ஊருக்கே நெடில் குறில் சொல்லிக்குடுக்கிற வாத்தியாரு!"

மராத்தியில் 'சூசனா' என்றால் அறிவிப்பு. எழுத்தின் தலைமேல் வைக்கும் அந்த ஒரு புள்ளி விட்டுப்போனால் பிள்ளைகள் ஒரே பிள்ளையாகிவிடுவார்கள். பெரிய மனிதருக்கு உரிய மரியாதையும் அந்தப் புள்ளியோடு போய்விடும். ஹணமந்த் ஷேலாருக்கு இது தெரியாமல் இல்லை. மூன்றாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் விட்டுப்போன புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறவர் அவர்தான். ஆனால் கைபேசியில் அவர் ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டுவார். அது மராத்தியில் மூன்று சொற்களை நீட்டும். முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

"புரிஞ்சா போதாதா வைஜு?"

"பள்ளிக்கூடத்துப் பேர்ல போகுதுங்க. போன மாசமே பெத்தவங்க குழுவுல உஜ்வலா 'எந்தப் பிள்ளை சார்?'னு கேட்டு நக்கலடிச்சா. அழிச்சிட்டுச் சரியா அனுப்புங்க."

"அழிச்சாச்சு, அழிச்சாச்சு."

"அனுப்பினதையே திருத்துற வசதி வந்திருக்கே."

"அது எங்க இருக்குன்னு தேடுற நேரத்துல புதுசா அடிச்சிடுவேன்."

கைபேசி மறுபடி கூவியது. முதல் செய்தி இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி நின்றது. அதன் கீழே புதியது. தலைப்பு சரியாகியிருந்தது, பிள்ளைகள் பன்மைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் 'பெற்றோர்களே' என்பதற்கு இப்போதும் புள்ளியில்லை.

"பெத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றாள்.

அவர் சிரித்த சத்தமும் வண்டியை உதைத்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பாடப்புத்தகங்கள் வட்டாரத்தின் கேந்திரப் பள்ளிக்கு வந்து கிடந்தன, ஏற்றிவரக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் அடுப்பைக் கூட்டி அடுத்த உருண்டையை எடுத்தாள்.

திரும்பி வரும்போது, மலைச்சரிவில் இரண்டாவது வளைவு தாண்டி, வண்டியை ஓரமாக ஒதுக்கி, ஸ்டாண்டையும் போட்டுவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பால் வண்டிக்காரன்தான் பார்த்தான். இதயம் என்றார்கள். கட்டி வைத்த புத்தகங்கள் வண்டியின் பின்னால் அவிழாமல் இருந்தன.

*

பெற்றோர் குழுவில் இரங்கல் செய்திகள் வந்து குவிந்தன. முதலில் எழுதியவர் யாரோ, 'பாவபூர்ண' என்பதில் பூவைக் குறிலாக்கி, 'ஷ்ரத்தாஞ்சலி'யின் கூட்டெழுத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தார். அடுத்தவர் அதையே நகலெடுத்து ஒட்டினார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. அத்தனை வீட்டுத் துக்கமும் ஒரே பிழையோடு வரிசையாக வந்தது. பலருடைய செய்தியில் 'சார் அவர்கள்' வெறும் 'சார்' ஆகியிருந்தார்; மரியாதைப் புள்ளி இல்லை.

உறவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, வைஜயந்தி அந்தப் புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். செத்த மனிதருக்கு ஒரு புள்ளி வைக்க உங்களுக்கு என்ன கேடு என்று எழுதியும்விட்டாள். அனுப்பவில்லை. அவளுடைய நாத்தனார் கைபேசியைப் பிடுங்கிப் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். ஈராசிரியர் பள்ளி அது. ஆசிரியத் தம்பதிகள் ஒரே இடத்தில் வேலை பார்க்கலாம் என்ற விதியில் இருவரும் மாற்றல் கேட்டு வாங்கி வந்த ஊர். அவள் தலைமையாசிரியை, அவர் உதவி ஆசிரியர். இப்போது இரண்டு அறையையும் அவள் ஒருத்தியே பார்த்தாள். முதல் இரண்டு வகுப்பை எழுத வைத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவாள். அங்கே கணக்குப் போடச் சொல்லிவிட்டு இங்கே வருவாள். எந்த அறையில் நின்றாலும் மற்ற அறையில் சண்டை.

ஆவணி மழையில் ஒருநாள் கேந்திரத் தலைவர் குரவ் வந்தார். அந்த வட்டாரப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. பள்ளிச் சமையற்காரி கலாவதி கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடாமல் பேசினார்.

"மேடம், பிள்ளைங்க எண்ணிக்கை குறைவு. சாரும் இல்லாம போயிட்டாரு. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோட சேர்த்துடலாம்னு மேல பேச்சு."

"நடுவுல நெடுஞ்சாலை இருக்கு சார். கரும்பு லாரி, மணல் லாரி எல்லாம் பறக்குது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எப்படிக் கடக்கும்?"

"நீங்க சொல்றது நியாயம். ஆனா நீங்க சொன்னா அது வாத்தியாரம்மா தன் வேலைக்காகச் சொல்றதுன்னு ஆகிடும். பெத்தவங்க சொல்லணும். சனிக்கிழமை கூட்டம் போடுங்க, நான் வர்றேன். பாதிப் பேராவது வந்து தீர்மானத்துல கையெழுத்துப் போட்டா நான் மேல அனுப்புவேன். வரலைன்னா ஆட்சேபம் இல்லைன்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

அன்று மாலை அவள் அறிவிப்பை எழுத உட்கார்ந்தாள். அவளுடைய கைபேசியில் மராத்தி விசைப்பலகை. மெய்யெழுத்தைத் தொட்டு, அதற்குரிய உயிர்க்குறியைத் தேடித் தொட்டு, புள்ளி வேண்டிய இடத்தில் புள்ளி வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கட்டினாள். குறில் இகரம், நெடில் ஈகாரம் என்று உதடு முணுமுணுத்தது. ஐயம் வந்த ஒரு சொல்லுக்கு அகராதியைப் புரட்டினாள். மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு, பொருள், நாள், இடம், கீழே தன் பெயர், பதவி. மூன்று முறை படித்தாள். ஒரு பிழை கிடையாது. அனுப்பினாள்.

இந்தக் குழு தொடங்கிய நாளிலிருந்து பள்ளியின் பெயரால் போன அறிவிப்புகளில் இதுதான் குறையில்லாதது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும், இதைச் சொல்லிக் குத்திக்காட்ட ஆளில்லையே என்று எரிச்சல் வந்தது.

*

சனிக்கிழமை கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மேலாண்மைக் குழுத் தலைவர் பொபட் கதம் வந்தார். அவரிடம் வழியில் பார்த்து நேரிலேயே சொல்லியிருந்தாள். கலாவதி வந்தாள், அவள் பேரன் இங்கே படிக்கிறான், தவிர அவள் அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக வந்த கிழவர் நியாயவிலைக் கடை இங்கேதான் திறந்திருக்கிறது என்று யாரோ சொன்னதாக வந்தவர்.

குரவ் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், அக்கறை எவ்வளவுன்னு தெரியுதே."

"சார், சொல்லியிருந்தேன். குழுவுல போட்டிருந்தேன்."

"நானும் பார்த்தேன். நல்ல மராத்தி." அவர் எழுந்து மழைச் சட்டையை மாட்டினார். "புதன்கிழமை இந்தப் பக்கம் வேற வேலையா வர்றேன். அன்னிக்கும் இப்படித்தான்னா நான் எழுதிடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அவருடைய வண்டி கேட்டைத் தாண்டியதும் வைஜயந்தி குடையை எடுத்தாள். பொபட் பின்னாலேயே ஓடிவந்தார்.

"எங்க மேடம்?"

"உங்க வாடி வீடுகளுக்கு. என்ன பண்ணிக்கிட்டிருக்காங்கன்னு பார்க்க."

"சோயாபீன்ல களை எடுக்கிற நேரம் மேடம்..."

"இந்த மழைலயா?"

பொபட் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை மாவு மில் ஓடும் நாள். மழைக்கு ஒதுங்கினாற்போல் பெண்கள் சிலர் அங்கேதான் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இடம் விட்டார்கள். உஜ்வலா எழுந்து தன் சாக்கை மடித்துப் போட்டாள்.

"வாங்க மேடம், உக்காருங்க. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"உக்கார வரலை. பள்ளிக்கூடத்தை மூடப்போறாங்க, வந்து நில்லுங்கன்னு எழுதினேனே. ஒருத்திக்கு, ஒரே ஒருத்திக்காவது வரணும்னு தோணலையா?"

மில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மில்காரர் பட்டையைத் தள்ளி நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் உஜ்வலாவின் குரல் மட்டும் கேட்டது.

"பள்ளிக்கூடத்தை மூடறாங்களா? எப்ப எழுதினீங்க?"

வைஜயந்தி கைபேசியை நீட்டினாள். உஜ்வலா பார்த்தாள்; அவள் தோளுக்கு மேல் இன்னும் நாலு தலை பார்த்தது.

"அட, இதுவா! இது கவர்மெண்டுதுன்னு நினைச்சேனே."

"கீழ என் பேர் இருக்கு."

"கீழ வரைக்கும் யாரு மேடம் போவா? எழுத்து அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. சுத்தமா வர்றதெல்லாம் மேல இருந்து வர்றதுதானே? பயிர்க் காப்பீடு, கொசு மருந்து, அது இதுன்னு. நீங்களும் அதையெல்லாம் குழுவுல தள்ளி விடுவீங்க, நாங்களும் தள்ளிட்டுப் போயிடுவோம்."

"அப்ப பள்ளிக்கூடத்துலயிருந்து வர்றது எதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொல்வது என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"சாரோடது ரெண்டு தரம் கூவும் மேடம்" என்றாள் உஜ்வலா.

"என்னது?"

"ஒண்ணு வரும். அப்புறம் அதை அழிச்சிடுவாரு. அப்புறம் இன்னொண்ணு வரும். ரெண்டு தரம் கூவினா பள்ளிக்கூடம், எடுத்துப் பாருன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

மூலையிலிருந்து ஒருத்தி, "எங்க மாமியார் சொல்லுவாங்க, 'மேடம் திட்டிட்டாங்க, இப்ப சரியானது வரும் பாரு'ன்னு" என்றாள்.

"அழிக்கிறதுக்குள்ள முதலாவதைப் படிச்சிடணும்னு எங்க வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் போட்டி. ஒரு தரம் சார் கிணத்தைச் சுத்தம் பண்ண வரச் சொன்னாரா, தினம் வரச் சொன்னாரான்னே தெரியலை."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, யாரைப் பற்றிச் சிரிக்கிறோம் என்பது உறைத்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உஜ்வலா டப்பா மூடியைத் திறந்து மூடினாள்.

வைஜயந்திக்கு எதன்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் அடுப்படியிலிருந்து போட்ட சத்தம் என்று அவள் நினைத்திருந்தது இத்தனை வீட்டிலும் கேட்டிருக்கிறது. வெட்கமென்று நினைத்து அவள் அழிக்கச் சொன்னதைத்தான் இவர்கள் அடையாளமாக வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் தலைவாரி அனுப்பியிருக்கிறார்கள்.

"அப்ப நான் எழுதினா படிக்க மாட்டீங்க" என்றாள்.

"படிப்போம் மேடம். ஆனா நீங்களும் ரெண்டு தரம் அனுப்பிடுங்களேன்" என்றார் பின்னால் நின்ற பொபட், பெரிய வழி கண்டுபிடித்தவர்போல.

"சரியா இருக்கிறதை எதுக்குய்யா ரெண்டு தரம் அனுப்பணும்?"

"இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சே, புதன்கிழமை வந்துடுவாங்க, விடுங்க."

"இங்க இருக்கிறது ஏழு பேர். மலை மேல இருக்கிற வீடுகளுக்கு யார் சொல்றது? கூலி வேலைக்குப் போன ஆம்பளைங்களுக்கு யார் சொல்றது?"

மில்காரர் பட்டையை மாட்டினார். மறுபடி சத்தம் எழுந்தது. அதில் பேசிப் பயனில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் பிழையாக எழுதப் பார்த்தாள். சொல்லைச் சரியாகக் கட்டிவிட்டு, புள்ளியை மட்டும் எடுத்தாள். பார்த்தால் பிடுங்கிய பல்போல் இருந்தது. நெடிலைக் குறிலாக்கினாள். தேர்வுத்தாளில் 'பிழை திருத்துக' என்று தானே தயாரித்த கேள்விபோல் இருந்தது. யாரை ஏமாற்றுகிறோம் என்று கைபேசியைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். அது மெத்தையில் விழுந்து, ஒன்றும் ஆகாமல் கிடந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு அறைக்கும் ஓடியதில் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் குடை, தோளில் பை, புடவைக் கொசுவம் சேற்றில். குரவ் அழைத்தார்.

"மேடம், நாளைக்கு வரணுமா? ஆள் வருவாங்கன்னு நிச்சயமா? இல்லைன்னா எதுக்கு எனக்கும் அலைச்சல்? வரலைன்னு எழுதி முடிச்சிடறேனே."

"வருவாங்க. நீங்க வாங்க" என்று வைத்தாள். வைத்த கையோடு, நின்ற இடத்திலேயே குழுவைத் திறந்தாள். ஒரு கையால் மராத்திக் குறிகளைத் தேட முடியாது. அவர் பயன்படுத்தும் முறைக்கு மாற்றினாள். ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினாள். கைபேசி நீட்டிய முதல் சொல்லைத் தொட்டாள். மதிப்பிற்குரிய என்றெல்லாம் வரவில்லை. மாவு மில்லில் வாய்விட்டுச் சொல்ல நினைத்ததே வந்தது.

சூசனா. பெற்றோர்களே, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வாங்க. அதிகாரி வர்றாரு. கையெழுத்துப் போடலைன்னா பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. அப்புறம் பிள்ளைங்க அந்த லாரிக்கு நடுவுல சாலையைத் தாண்டித்தான் போகணும். களை ஓடிப்போயிடாது.

அனுப்பினாள். குடை சாய்ந்து கழுத்தில் தண்ணீர் ஒழுகியது. சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள்.

சூசனாவில் நெடில் இல்லை. சாலையைத் தாண்டப்போவது ஒரே ஒரு பிள்ளை. அதிகாரிக்கு மரியாதை கிடையாது. அது கூடப் பரவாயில்லை. 'ரெண்டு பேரும்' என்பதற்கான மராத்திச் சொல்லில் இகரம் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டு வாய்விட்டுப் படிக்க முடியாதபடி இருந்தது.

"கடவுளே, பள்ளிக்கூடத்துப் பேர்ல..." என்று உரக்கவே சொன்னாள். சாலையில் யாரும் இல்லை. விரல் தானாகப் போய் அழுத்தியது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

திட்டியதும் அவள்தான், திட்டு வாங்கியதும் அவள்தான். இரண்டுக்கும் இப்போது ஒரே கை.

மறுபடி தட்டினாள், இந்தமுறை கொஞ்சம் நிதானமாக. பிள்ளைகளைப் பன்மையாக்கினாள். அனுப்பிவிட்டு நடந்தாள். பள்ளிக் கேட்டைத் திறக்கும்போதுதான் கவனித்தாள்: 'பெற்றோர்களே' என்பதில் புள்ளி விழவில்லை. அழிக்கலாமா என்று யோசிப்பதற்குள் கீழே பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. மலைமேல் வீட்டுக்காரன் ஒருவன், கராட் நகரில் கட்டட வேலையில் இருப்பவன், முதலில் எழுதினான்: வர்றேன் மேடம், நாளைக்கு லீவு சொல்லிட்டேன். அவனும் இரண்டு புள்ளியை விட்டிருந்தான். பார்த்துவிட்டு அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

*

புதன்கிழமை வகுப்பறை போதவில்லை. ஆண்கள் வெளியே சார்ப்பில் நின்றார்கள். சோயாபீன் சேறு படிந்த கால்களை வாசல் தொட்டியில் கழுவிவிட்டுப் பெண்கள் உள்ளே வந்து பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்தார்கள். குரவ் இருந்த ஒரே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

தீர்மானத்தை வைஜயந்தி எழுதியிருந்தாள். காகிதத்தில், பேனாவால், ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில். வாசித்தாள். கையெழுத்துப் போட்டார்கள், கட்டைவிரலும் வைத்தார்கள். வரிசை முடியவில்லை என்றதும் குரவ் இன்னொரு தாள் கேட்டு வாங்கினார்.

"இவ்வளவு அக்கறை இருக்கிறவங்க சனிக்கிழமை எங்கய்யா போனாங்க?" என்று பொபட்டைக் கேட்டார்.

"சனிக்கிழமை இவங்களை யாரு கூப்பிட்டா சாகேப்?" என்றார் பொபட்.

வைஜயந்திக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டிக்கொள்ளவில்லை. மைப்பெட்டியை நகர்த்தி அடுத்த ஆளின் பக்கம் வைத்தாள்.

குரவ் தாள்களை மடித்து உறையில் போட்டார். "இந்த வருஷத்துக்குத் தொட மாட்டாங்க. அடுத்த வருஷம் என்னன்னு என்னால சொல்ல முடியாது, மேடம். சார் இடத்துக்கு ஆள் கேட்டு எழுதுங்க, நானும் பரிந்துரை பண்றேன்" என்றார்.

"எழுதியாச்சு. ரெண்டு மாசமாச்சு. பதில்தான் இல்லை."

"மறுபடி எழுதுங்க" என்றார். சார்ப்பில் நின்ற ஆண்கள் வழிவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. பாய்களைச் சுருட்டி அடுக்கினாள். ஒரு பாயின் ஓரத்தில் யாரோ மைக்கறையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கலாவதி முந்தானையில் கையைத் துடைத்தபடி அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், நாளைக்குப் பிள்ளைங்களுக்கு என்ன ஊறப் போடட்டும்?"

"நாளைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழன்னா நரிப்பயறுதானே கலாவதி. அதை எதுக்குக் கேக்கிறீங்க?"

"இல்ல, பள்ளிக்கூடம் இருக்குல்ல, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கலாவதி சமையலறைக்குப் போனாள். பயறு அலுமினியத் தட்டில் கொட்டும் சத்தம் கேட்டது.